4கே மொனிட்டரில் 1080பி கேம்: விளிம்பு மங்காமல் ஓட்டுவது எப்படி

கொழும்பில் 4கே மொனிட்டர் வாங்குகிற பலர் அதைக் கேமுக்காக வாங்குவதில்லை. வீடியோ எடிட்டிங், டிசைன், வீட்டிலிருந்து செய்யும் அலுவலக வேலை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். எழுத்து கூர்மையாகத் தெரிகிறது, கண்ணுக்கும் சுகம். இரவு ஒரு கேமைத் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலைந்து வருடங்களுக்கு முன் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு 4கேயில் திணறும். சரி என்று ரெசல்யூஷனை 1080பிக்குக் குறைத்தால் கேம் வேகமாக ஓடும், ஆனால் படம் முழுக்க ஒரு மெல்லிய மங்கல் படிந்துவிடும். அதே கேம் பழைய 1080பி மொனிட்டரில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்ததே என்று தோன்றும். அது மனப்பிரமை அல்ல.

அந்த மங்கலை எடுக்கிற வழிதான் இன்டிஜர் ஸ்கேலிங், அதாவது படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்குவது. செலவில்லை, கேமின் வேகமும் குறையாது. அமைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அமைத்த பிறகும் "ஒன்றும் மாறவில்லையே" என்று சொல்பவர்கள்தான் அதிகம், அதற்குக் குறிப்பான காரணங்கள் உண்டு. வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சானின் கணினியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: 27 அங்குல 4கே மொனிட்டர், 60 ஹெர்ட்ஸ், என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, விண்டோஸ் 11. அவர் விளையாடுவது நகரம் கட்டுகிற ஒரு கேம். சின்னச் சின்ன எழுத்தும் ஐகனும் நிறைந்தது. மங்கல் உறுத்துவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

மங்கல் எங்கிருந்து வருகிறது

4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்சல்கள் உண்டு. 1080பி என்றால் 1920, 1080. இரண்டு பக்கமும் சரியாக இரண்டு மடங்கு. ஆகவே கேம் தருகிற ஒரு பிக்சலை, திரையில் 2×2 என்று நான்கு பிக்சல்களாக அப்படியே நிரப்பினால் போதும். மீதி எதுவும் வராது, ஒரு பிக்சலும் இன்னொன்றோடு கலக்கவேண்டியதில்லை.

ஆனால் வரும் படத்தைத் திரை அளவுக்கு மாற்றுவதற்கு மொனிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலரும், கிராபிக்ஸ் டிரைவரின் வழமையான ஸ்கேலிங்கும் இப்படிச் செய்வதில்லை. எந்த ரெசல்யூஷன் வந்தாலும் சமாளிக்கவேண்டும் என்பதால், பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து இடைப்பட்ட நிறங்களை உண்டாக்கும் ஒரே முறையை எல்லாவற்றுக்கும் பாவிக்கின்றன. மடங்கு சரியாக இரண்டாக இருந்தாலும் அதே முறைதான்.

ஒரு கறுப்புப் பிக்சலும் அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிக்சலும் இருக்கின்றன என்று வையுங்கள். கறுப்பு 0, வெள்ளை 100. இரண்டு மடங்காக்கும்போது வரிசையில் நான்கு பிக்சல்கள் வரும். எளிய கலப்பு முறையில் அவை 0, 25, 75, 100 என்று வரும். இன்டிஜர் ஸ்கேலிங்கில் 0, 0, 100, 100. முதலாவதில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இரண்டு சாம்பல் பிக்சல்கள் புகுந்துவிட்டன. ஒவ்வொரு எழுத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் இதுவே நடப்பதால், கண்ணுக்கு மொத்தத்தில் மங்கலாகப் படுகிறது.

முதலில் கணக்கு

இந்த முறை முழு எண் மடங்குகளில் மட்டுமே வேலை செய்யும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். ஒன்றரை மடங்கு ஆகாது. இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று ரொட்டியைப் பிய்க்காமல் பகிர்ந்தால் ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஒன்று என்றுதான் போகும். பிக்சலும் அப்படித்தான்: ஒரு கோடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் வந்து எழுத்து கோணலாகிவிடும். அதனால் டிரைவர் அப்படிச் செய்யாமல், திரைக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண் மடங்கை எடுத்து, மீதி இடத்தைச் சுற்றிவரக் கறுப்பாக விட்டுவிடும்.

4கே மொனிட்டருக்கு 1920×1080 சரியாக இரண்டு மடங்கு, 1280×720 சரியாக மூன்று மடங்கு. இரண்டுமே திரையை நிறைக்கும். 1600×900 என்றால் இரண்டு மடங்கில் 3200×1800 வரும், சுற்றிலும் கறுப்புச் சட்டம் இருக்கும். பழைய 640×480 கேம் நான்கு மடங்காகி 2560×1920 ஆகும். மேலும் கீழும் கொஞ்சம், பக்கங்களில் நிறைய இடம் காலியாக இருக்கும். பழைய கேம்களுக்கு அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

1440பி மொனிட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்கவேண்டும். 2560×1440 திரைக்கு 1080பி ஒன்றேகால் மடங்கைவிடச் சற்றுக் கூடுதல்தான், இரண்டை எட்டாது. இன்டிஜர் ஸ்கேலிங்கைப் போட்டால் படம் ஒரு மடங்கிலேயே நின்று, திரையின் நடுவில் சின்னதாகத் தெரியும். சரியாக இரண்டு மடங்காவது 1280×720 மட்டுமே, அதில் பெரும்பாலான புதுக் கேம்கள் கரடுமுரடாக இருக்கும். பிக்சல் ஆர்ட் கேம் விளையாடினால் ஒழிய, 1440பிகாரருக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. 2880×1800 திரையுள்ள லப்டொப் என்றால் கதை வேறு: 1440×900 அதில் அழகாக இரண்டு மடங்காகிறது.

கார்டு இதை ஆதரிக்கிறதா

என்விடியாவில் டூரிங் தலைமுறையிலிருந்து இந்த வசதி உண்டு. அதாவது ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை, அதற்குப் பின் வந்தவை. 2019 ஆகஸ்டில் வந்த 436.02 டிரைவரில் அறிமுகமானது. ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு டிரைவரில் இது இல்லை. டிரைவரைப் புதுப்பித்தாலும் வராது. இரண்டாம் கை சந்தையில் அந்தக் கார்டுகள் இன்னும் கைமாறுவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர்களுக்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

ஏஎம்டி இதை 2019 டிசம்பரில் அட்ரினலின் 2020 மென்பொருளோடு கொடுத்தது. ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய கார்டிலும் கிடைக்கிறது.

இன்டெலின் உள்ளிணைந்த கிராபிக்ஸில் ஒரு பொறி இருக்கிறது. "பத்தாம் தலைமுறை" என்று விற்ற லப்டொப்களில் இரண்டு வகை உண்டு. ஐ5-1035ஜி1 போலப் பெயரில் ஜி வருபவை ஐஸ் லேக் வகை, அவற்றில் இந்த வசதி இருக்கிறது. ஐ5-10210யு போன்றவை பழைய கிராபிக்ஸ் வகை, அவற்றில் இல்லை. ஸ்டிக்கரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஐரிஸ் எக்ஸ்இ உள்ள பதினோராம் தலைமுறை லப்டொப்களில் பிரச்சினை இல்லை.

என்விடியாவில் அமைப்பது

மச்சானின் கணினியில் செய்தது இதுதான்.

1. டெஸ்க்டொப்பில் வலது கிளிக் செய்து `NVIDIA Control Panel` திறக்கவும். விண்டோஸ் 11இல் அது `Show more options` என்பதற்குள் ஒளிந்திருக்கலாம்.

2. இடது பக்கப் பட்டியலில் `Display` என்பதன் கீழ் `Adjust desktop size and position` என்பதைத் தெரிவு செய்யவும். இரண்டு மொனிட்டர் இருந்தால், மேலே சரியான மொனிட்டரைக் கிளிக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

3. `Scaling` பகுதியில் `Integer scaling` என்பதைத் தெரிவு செய்யவும். `Perform scaling on` என்ற இடத்தில் `GPU` என்று இருக்கவேண்டும்.

4. `Override the scaling mode set by games and programs` என்ற பெட்டியில் சரி அடையாளம் போடவும். சில கேம்கள் தங்களுக்கென்று ஒரு ஸ்கேலிங் முறையைக் கேட்கும், இது அதை மீறும். பிறகு `Apply`.

இப்போது திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. டெஸ்க்டொப் இன்னும் 4கேயிலேயே இருக்கிறது, பெரிதாக்க ஒன்றுமில்லை. இந்த இடத்தில்தான் பலர் "வேலை செய்யவில்லை" என்று மூடிவிடுகிறார்கள்.

5. விண்டோஸ் `Settings` திறந்து, `System`, `Display` என்று போய், `Display resolution` இடத்தில் 1920 × 1080 தெரிவு செய்யவும். மேலேயிருக்கும் `Scale` 100% ஆகட்டும். 4கேயில் 150% வைத்திருந்தவர்கள் அதை மறக்கவேண்டாம். 4கேக்குத் திரும்பும்போது பழைய அளவு வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டுப் பலகத்தின் `Manage 3D settings` பகுதியில் `Image Scaling` இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அதுவும் ஸ்கேலிங் செய்கிற வசதிதான். இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டியிட வேண்டாம்.

உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது

கண்ணால் பார்த்து "கொஞ்சம் தெளிவு மாதிரி இருக்கு" என்பதை நம்பவேண்டாம். இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டும் ஒரு நிமிடத்தில் முடியும்.

முதலாவது, பெரிதாக்குவது யார் என்று கண்டுபிடிப்பது. டெஸ்க்டொப் 1080பியில் இருக்கும்போதே `Settings`, `System`, `Display`, `Advanced display` என்று போங்கள். `Desktop mode` என்பதில் 1920 × 1080 என்றும், `Active signal mode` என்பதில் 3840 × 2160 என்றும் இருக்கவேண்டும். அப்படியிருந்தால் கார்டு படத்தைப் பெரிதாக்கி முழு 4கே சிக்னலாகவே மொனிட்டருக்கு அனுப்புகிறது. இரண்டு இடத்திலும் 1920 × 1080 என்று இருந்தால், மொனிட்டரே பெரிதாக்குகிறது, அதாவது பழைய மங்கல் முறை. மொனிட்டரின் சொந்த மெனுவில் தகவல் பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே வரும் ரெசல்யூஷன் என்னவென்று தெரியும்.

ஆனால் இது பாதிச் சோதனைதான். கார்டு பெரிதாக்குகிறது என்று தெரிந்துவிட்டது, கலக்காமல் பெரிதாக்குகிறதா என்பது இன்னும் தெரியவில்லை. அதற்கு நான் பாவிக்கிற தந்திரம்: டெஸ்க்டொப்பை ஒரு தடவை 1600 × 900க்கு மாற்றிப் பாருங்கள். இன்டிஜர் ஸ்கேலிங் இயங்கினால் படம் 3200×1800 அளவில் நின்றுவிடும், நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் விழும். 27 அங்குல மொனிட்டரில் அது இடம் வலமாக ஏறக்குறைய 5 செ.மீ., மேலும் கீழும் 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சட்டம் இல்லாமல் படம் திரையை முழுதாக நிரப்பினால், வேறு ஸ்கேலிங் முறை இயங்குகிறது என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்பவேண்டியதுதான். சட்டம் தெரிந்தால் திரும்ப 1920 × 1080க்கு வந்துவிடலாம்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒப்பிடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் பதிவாவது பெரிதாக்குவதற்கு முந்திய 1080பி படம். ஸ்கேலிங் சரியாக இருந்தாலும் பிழையாக இருந்தாலும் கோப்பு ஒரே மாதிரித்தான் வரும். யாருக்காவது அனுப்பிக் காட்டவேண்டுமென்றால், கைபேசியைத் திரைக்கு மிக அருகில் வைத்து ஒரு எழுத்தைப் படம் எடுங்கள். மங்கலான முறையில் எழுத்தைச் சுற்றி சாம்பல் நிறம் கசிந்திருக்கும். சரியான முறையில் படிக்கட்டுபோல நேர்நேரான சதுரங்கள் தெரியும்.

கேமைத் திறக்கும்போது வரும் வில்லங்கம்

மச்சானின் கணினியில் இரண்டு சோதனையும் சரியாக வந்தன. பிறகு டெஸ்க்டொப்பை 4கேக்கு மாற்றி, கேமைத் திறந்து, கேமுக்குள் 1920×1080 தெரிவு செய்தார். மங்கல் அப்படியே இருந்தது.

காரணம் கேமின் திரை முறை. அது `Borderless` என்று இருந்தது. அந்த முறையில் கேம் மொனிட்டரின் ரெசல்யூஷனைத் தொடுவதே இல்லை. தனக்குள் 1080பியில் வரைந்து, அதைத் தானே 4கே அளவுக்கு இழுத்து, விளிம்பில்லாத ஒரு ஜன்னலில் காட்டுகிறது. இழுக்கும்போது தன் சொந்தக் கலப்பு முறையைப் பாவிக்கிறது. டிரைவரின் கண்ணுக்குத் திரை முழு 4கேயில் இருக்கிறது, பெரிதாக்க ஒன்றுமில்லை. நாம் போட்ட அமைப்புக்கு வேலையே வரவில்லை.

கேமில் `Fullscreen` அல்லது `Exclusive fullscreen` என்ற தெரிவு இருந்தால் அதை எடுத்தால் பல பழைய கேம்களில் காரியம் முடிந்துவிடும். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் பலவற்றில் முழுத்திரை என்று பெயர் மட்டும் இருக்கும், உள்ளே நடப்பது விளிம்பில்லாத ஜன்னல்தான். ஆகவே எந்தக் கேமுக்கும் பொருந்துகிற வழி ஒன்றையே சொல்கிறேன்: கேமைத் திறப்பதற்கு முன்பே டெஸ்க்டொப்பை 1920 × 1080க்கு மாற்றிவிடுங்கள். அப்போது கேம் எந்த முறையில் ஓடினாலும் அதற்குக் கிடைப்பது 1080பி திரைதான். அதைக் கலக்காமல் பெரிதாக்குவது டிரைவரின் பொறுப்பு. மச்சானும் இப்போது இப்படித்தான் செய்கிறார், `Borderless` முறையை மாற்றக்கூட இல்லை.

கேமுக்குள் `Resolution scale` அல்லது `Render scale` என்று ஒரு தெரிவு இருந்தால் அது 100% ஆக இருக்கட்டும். அதைக் குறைத்தால் கேம் இன்னும் சின்னதாக வரைந்து தானே இழுக்கும், நாம் வெளியே எடுத்த மங்கல் உள்ளே வந்துவிடும்.

இன்னுமொரு கட்டுப்பாடு உண்டு. கார்டு எப்போதும் 4கே சிக்னலையே அனுப்புவதால், புதுப்பிப்பு வேகம் 4கேக்கு என்ன கிடைக்கிறதோ அதோடு சரி. பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியாக இணைத்திருந்தால் 4கேக்கு 30 ஹெர்ட்ஸ்தான், 1080பி கேமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அப்படியானால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறுங்கள், அல்லது கார்டிலும் மொனிட்டரிலும் எச்டிஎம்ஐ 2.0 துளை இருந்தால் அதற்கு ஏற்ற கேபிளைப் போடுங்கள். 4கேயில் ஒரு வேகமும் 1080பியில் அதைப்போல் இரண்டு மடங்கும் தருகிற மொனிட்டர்கள் இப்போது வருகின்றன. அவற்றில் தெளிவா, வேகமா என்று நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும்.

லப்டொப்பும் மற்றக் கார்டுகளும்

என்விடியா கார்டுள்ள லப்டொப்பில் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்தால் `Display` பகுதியே காணாமல் போயிருக்கலாம். கார்டு பழுது என்று பயப்படவேண்டாம். பெரும்பாலான லப்டொப்களில் உள்திரையின் வயர் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளிணைந்த கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். என்விடியா கார்டு படத்தை வரைந்து அதன் கையில் கொடுத்துவிடும், திரையோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. அப்படியான லப்டொப்பில் இன்டிஜர் ஸ்கேலிங்கை இன்டெல் அல்லது ஏஎம்டி மென்பொருளில்தான் தேடவேண்டும். சில கேமிங் லப்டொப்களில் திரையை நேரே என்விடியா கார்டுக்கு மாற்றுகிற மக்ஸ் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றினால் பலகத்தில் `Display` பகுதி தோன்றிவிடும். வெளி மொனிட்டர் இணைத்தால், அந்தத் துளை எந்தக் கார்டோடு இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏஎம்டியில் `AMD Software: Adrenalin Edition` திறந்து, டிஸ்ப்ளே அமைப்புகளில் `GPU Scaling`, `Integer Scaling` இரண்டையும் இயக்கவேண்டும். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் தேடுபவர்கள் உண்டு. இன்டெலில் `Intel Graphics Command Center` மென்பொருளில் `Retro Scaling` என்ற பெயரில் இருக்கிறது. பெயர் பழைய கேம்களுக்கு மட்டும் என்பதுபோல ஒலித்தாலும் வேலை அதேதான். அமைத்த பிறகு மேலே சொன்ன இரண்டு சோதனைகளும், கேமுக்கு முன் டெஸ்க்டொப்பை மாற்றும் வழியும் இங்கேயும் அப்படியே பொருந்தும். லப்டொப் திரை 4கே அல்லாவிட்டால் 1600 × 900க்குப் பதில், அந்தத் திரையைச் சரியாக வகுக்காத வேறொரு ரெசல்யூஷனை எடுத்துச் சோதியுங்கள்.

டிரைவரில் வசதியே இல்லாத 10 வரிசைக் கார்டுக்காரர்களுக்கு மென்பொருள் வழி உண்டு. ஸ்டீமில் விற்கிற லொஸ்லெஸ் ஸ்கேலிங் ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் மாக்பை இன்னொன்று. இவை வேலை செய்யும் முறை தலைகீழ்: டெஸ்க்டொப்பை 4கேயிலேயே விட்டு, கேமை 1920×1080 அளவுள்ள சாதாரண ஜன்னலாக ஓடவிடவேண்டும். மென்பொருள் அந்த ஜன்னலைப் பிடித்து முழுத்திரைக்குப் பெரிதாக்கும். லொஸ்லெஸ் ஸ்கேலிங்கில் ஸ்கேலிங் வகையாக இன்டிஜர் தெரிவை எடுத்து, கேம் ஜன்னலைக் கிளிக் செய்து `Ctrl+Alt+S` அழுத்தினால் இயங்கும். படத்தைப் பிடித்துத் திரும்ப வரைவதால் சுட்டி அசைவில் ஒரு சின்னத் தாமதம் சேரும். நகரம் கட்டும் கேமில் அது தெரியாது, சுடும் கேமில் உணர்வீர்கள்.

இந்த மென்பொருள்களில் மங்கல் போகவில்லையென்றால் பெரும்பாலும் விண்டோஸின் 150% அளவுதான் காரணம். உயர் ரெசல்யூஷன் திரையைப் பற்றித் தெரியாத பழைய கேமின் 1920×1080 ஜன்னலை விண்டோஸ் தானாகவே ஒன்றரை மடங்கு இழுத்து 2880×1620 ஆக்கிவிடும். அதாவது மென்பொருளின் கைக்கு வருவதே ஏற்கெனவே மங்கிய படம், அதுவும் இனி இரண்டு மடங்காக இடமில்லாத அளவில். கேமின் `.exe` கோப்பில் வலது கிளிக் செய்து, `Properties`, `Compatibility`, `Change high DPI settings` என்று போங்கள். `Override high DPI scaling behavior` என்பதில் சரி அடையாளம் போட்டு, கீழே `Application` என்று தெரிவு செய்யுங்கள். கேம் ஜன்னல் திரையின் நீள அகலத்தில் சரிபாதியாகச் சுருங்கினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

லினக்ஸில் ஸ்டீம் பாவிப்பவர்களுக்கு கேம்ஸ்கோப் போதும். கேமின் தொடக்கத் தெரிவுகளில் இந்த வரியை இட்டால், டெஸ்க்டொப்பை மாற்றாமலேயே வேலை முடியும்:

```
gamescope -w 1920 -h 1080 -W 3840 -H 2160 -S integer -F nearest -f -- %command%
```

சிறிய எழுத்து `w`, `h` கேமின் அளவு. பெரிய எழுத்து `W`, `H` மொனிட்டரின் அளவு.

எந்தக் கேமுக்கு வேண்டாம்

இன்டிஜர் ஸ்கேலிங் படத்தில் புதிதாக எந்த விவரத்தையும் சேர்ப்பதில்லை. 27 அங்குல 4கே மொனிட்டர், 27 அங்குல 1080பி மொனிட்டர் போல நடந்துகொள்ளும், அவ்வளவே. அந்த அளவில் பிக்சல்கள் பெரிது, சாய்ந்த கோடுகளில் பல் பல்லாகத் தெரியும். சிலருக்கு அந்தப் பல்லைவிட மங்கலே பரவாயில்லை என்று படும், அதில் தப்பில்லை. அதே 1080பி 15.6 அங்குல லப்டொப் திரையில் என்றால் பிக்சல்கள் சிறிதாகி, உறுத்தல் குறைந்துவிடும்.

எழுத்தும் ஐகனும் நிறைந்த கேம்கள், பிக்சல் ஆர்ட், பழைய இரு பரிமாண கேம்கள், எமுலேட்டர்கள் ஆகியவற்றில் இதன் பலன் உடனே தெரியும். பிக்சல் ஆர்ட் கேம்கள் பல உள்ளே 320×180 அல்லது 640×360 அளவில் வரையப்படுகின்றன. அவை 1080பிக்கும் 4கேக்கும் முழு எண் மடங்கிலேயே ஏறுவதால் எந்தச் சதுரமும் கோணாது.

புல், மரம், முகம் என்று நிஜம்போல வரைகிற புதிய முப்பரிமாண கேம்களில் கதை வேறு. அவற்றில் டிஏஏ என்ற விளிம்பு மென்மையாக்கல் கேமுக்குள்ளேயே நடக்கிறது. மங்கல் பிறப்பது அங்கே, அதை வெளியிலிருந்து எந்த ஸ்கேலிங்காலும் எடுக்கமுடியாது. அப்படிப்பட்ட கேமில் டெஸ்க்டொப்பை 4கேயிலேயே விட்டு, சிறிய படத்தைக் கேமே பெரிதாக்கிக் கட்டியெழுப்புகிற எஃப்எஸ்ஆர் தெரிவை `Performance` நிலையில் வையுங்கள். அதுவும் உள்ளே 1080பியில்தான் வரைகிறது, ஆனால் மெனுவும் எழுத்தும் முழு 4கேயில் வரும். இதே வேலைக்கு என்விடியா தருகிற டிஎல்எஸ்எஸ் 1660 சூப்பரில் இல்லை, எஃப்எஸ்ஆர் ஓடும். 4கே அளவுக்குக் கட்டியெழுப்புகிற வேலைக்கும் கார்டு கொஞ்சம் சக்தி செலவழிப்பதால், வெறும் 1080பியைவிட வேகம் சற்றுக் குறையும்.

விளையாடி முடித்ததும் டெஸ்க்டொப்பை 3840 × 2160க்கு மாற்றிக்கொள்ளுங்கள். `Integer scaling` அமைப்பை அணைக்கவேண்டியதில்லை, 4கேயில் அது சும்மா கிடக்கும். இரண்டு மொனிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ரெசல்யூஷன் மாறும்போது திறந்திருந்த ஜன்னல்களும் டெஸ்க்டொப் ஐகன்களும் இடம் மாறிவிடலாம். ஆகவே வேலைக் கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டே 1080பிக்குப் போவது நல்லது.